சாரமில்ல மக்கா: பரீட்சை முடிந்த அன்று வைத்த ஒரு ஸ்டேட்டஸின் கதை

2024 மார்ச் 22, வெள்ளிக்கிழமை. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை, உயிரியல். ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே பாதிப் பேர் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் வழக்கம்போல ஒரு மார்க் கேள்விகளுக்கு விடை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டிலும் நிற்கத் தெம்பில்லை. வடசேரிக்கு நடந்து, தேரூர் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் போனை எடுத்தேன். எடுத்ததும் முதலில் தோன்றியது, ஒரு ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். அந்த நாலு வரிக்காக அன்று சாயங்காலம் வரைக்கும் நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் தம்பிகளுக்கும் தோழிகளுக்குமாக ஏழெட்டுப் பேருக்கு இந்த மாதிரி வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எது நிற்கும், எது நம்மையே திருப்பிக் கடிக்கும் என்று ஓரளவுக்குப் பிடிபட்டிருக்கிறது.

முதலில் பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதியது இது: "ஆட்டம் முடிந்தது. இனி ரிசல்ட் பேசும்."

அன்றைக்கு என் கான்டாக்டில் இருந்தவர்களில் குறைந்தது ஐந்து பேர் இதையோ இதற்குத் தம்பி முறையான ஒன்றையோ வைத்திருந்தார்கள். சுசீந்திரம் தாண்டும் முன்பே எனக்கு வயிறு கலங்க ஆரம்பித்துவிட்டது. ரிசல்ட் பேசும், சரி. என்ன பேசும்? கடைசிக்கு முந்தின பேப்பர் கணக்கு. அதில் ஏழு ஐந்து மார்க் கேள்வி, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. அதில் இரண்டை நான் பாதியில் விட்டிருந்தேன், ஒன்றில் தொகையீட்டின் எல்லையை மாற்ற மறந்து கடைசி வரியில் மைனஸில் பரப்பளவு வந்து நின்றது. பரப்பளவு மைனஸில் வராது என்று தெரியும். ஆனால் எங்கே தப்பு என்று தேட நேரமில்லை, மைனஸை அடித்துவிட்டு விடையைக் கட்டம் போட்டு வைத்தேன். அப்படி எழுதிய கை, மூன்று நாள் கழித்து 'ரிசல்ட் பேசும்' என்று டைப் செய்கிறது. அழித்துவிட்டேன்.

இரண்டாவது, அதற்கு நேர் எதிர்ப்பக்கம். "கணக்கு பாடை கட்டிருச்சு. செத்தோம். பத்தாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்துருங்க." இதை வைத்தும் விட்டேன். இருபது நிமிடம் இருந்திருக்கும். தோழிகள் சிரிப்பு ஸ்மைலியாகக் கொட்டினார்கள். நான் வீட்டுப் படியேறும்போது அம்மா வாசலிலேயே நின்றாள், கையில் போன். திங்கள்சந்தையில் இருக்கும் சித்தி கூப்பிட்டு, "பிள்ளை என்னமோ சாவு பத்தி எழுதிருக்கா, பக்கத்துலயே இரு, தனியா விடாத" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்த அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது. திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பரீட்சை, ரிசல்ட் காலத்தில் செய்தித்தாளில் என்னென்ன வருகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொரு வருஷமும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அது கேலி, அவர்களுக்கு அது கேலியாகக் காதில் விழாது. ஸ்டேட்டஸில் குரல் கேட்காது, முகம் தெரியாது, வெறும் எழுத்துதான் போய்ச் சேரும். சாவைப் பற்றிய நகைச்சுவையை மட்டும் இந்த மாதங்களில் தொடாதீர்கள் என்று அதற்கப்புறம் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஒருவேளை அது நகைச்சுவையாக இல்லாமல் நிஜமாகவே மனசு அந்தப் பக்கம் போகிறது என்றால் அதைக் கேப்ஷனில் ஒளித்து வைக்காமல், கூட இருப்பவர் ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். 104, 14416 இரண்டு எண்ணிலும் எடுத்துப் பேச ஆள் இருக்கிறார்கள்.

அதை அழித்ததும் மூன்றாவதாக வந்தது பெரிய மனுஷத்தனம்: "மார்க் என்பது வெறும் நம்பர்தான்."

இந்த வரியை நான் நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன், பார்த்த இடத்தில் எல்லாம் லைக்கும் போட்டிருக்கிறேன். ஆனால் என் விரலில் இருந்து வரும்போது அது பொய் என்று விரலுக்கே தெரிந்தது. வெறும் நம்பர் என்றால் கணக்குப் பரீட்சை முடிந்த ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் இருபது ஒரு மார்க்கில் எத்தனை தேறும், மூன்று மார்க்கில் எத்தனை போகும் என்று பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்தது யார்? ஏ டைப், பி டைப் மாற்றி ஒப்பிட்டு, 'அய்யோ ஏழாவது தப்பு' என்று அழுதது யார்? அதோடு, அந்த வரியை இரண்டு பேர் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். நான் நல்ல மார்க் எடுத்துவிட்டால் அது குறைந்த மார்க் வாங்கியவளைச் சீண்டுவது போலத் தெரியும். நான் குறைந்த மார்க் எடுத்தால், முன்கூட்டியே சாக்குச் சொல்லி வைத்தவள் போலத் தெரியும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பரீட்சை முடிந்த நாளில் வைக்கும் கேப்ஷனுக்கு இரண்டு வாசிப்பு உண்டு. ஒன்று அன்றைக்கு. இன்னொன்று ரிசல்ட் அன்றைக்கு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருபத்து நாலு மணி நேரத்தில் போய்விடும் என்கிறோம், ஆனால் ஸ்கிரீன்ஷாட் போகாது, இன்ஸ்டாகிராமில் போஸ்டாகப் போட்டால் அது அங்கேயே கிடக்கும், எல்லாவற்றுக்கும் மேல் நம் மனசிலிருந்து போகாது. அதனால் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். எழுதிய வரியை இரண்டு தடவை வாசிப்பது. ஒரு தடவை ஐந்நூற்று ஐம்பது வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு தடவை கணக்கில் பெயில் என்று நினைத்துக்கொண்டு. இரண்டு தடவையும் வாசிக்கும்போது முகம் சுளிக்காமல் இருந்தால் அந்த வரி நிற்கும்.

இந்தச் சோதனையில் எது எது விழுகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். "உழைப்புக்குப் பலன் உண்டு" என்பது எவ்வளவு நல்ல வரி! ஆனால் பெயில் என்று நினைத்து வாசியுங்கள். அப்போது அது, பலன் இல்லை, ஆக உழைப்பும் இல்லை என்று நம்மைப் பார்த்தே விரலை நீட்டுகிறது. "எல்லாம் அவன் பார்த்துப்பான்" என்பது பாஸானால் பக்தி, பெயிலானால் அவனோடு சண்டை. "வச்சு செஞ்சுட்டேன்" என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் "ஆறு பேப்பர் எழுதி முடிச்சாச்சு" என்பதை எப்படி வாசித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அது ஏற்கெனவே நடந்து முடிந்தது, திருத்துகிறவர் யாரும் வந்து அதை மாற்ற முடியாது. ஆக, நடந்து முடிந்ததை மட்டும் சொல்கிற வினைச்சொல் வேண்டும். எழுதினேன், விழித்தேன், கை வலித்தது, ரீஃபில் தீர்ந்தது. இனி வரப்போவதைச் சொல்கிற எதுவும் வேண்டாம். கண்டுபிடிப்பு ஒன்றும் பெரியதில்லை, ஆனால் எனக்கு அன்றைக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

சரி, விடுதலை வந்தது, ஆனால் வரி வரவில்லை. "ஆறு பேப்பர் எழுதி முடிச்சாச்சு" என்பது உண்மைதான், ஆனால் ஆபீஸ் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. என்மேல் எனக்கே இரக்கம் வர வேண்டும் என்று நினைத்தேன், அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. புத்தகத் தமிழில் முயன்று பார்த்தேன், "என்னை நானே நேசிக்கிறேன்" என்று. வாசித்துப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. தேரூரில் யார் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்?

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். ஆச்சி கஞ்சியும் பயறும் எடுத்து வைத்திருந்தாள், தொட்டுக்கொள்ள இடிச்சக்கைத் துவரன். காலையில் பயத்தில் ஒன்றும் இறங்கவில்லை, அதனால் அப்போதுதான் பசி தெரிந்தது. ஆச்சி எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து, "கணக்கு அன்னைக்கு ஏன் மக்கா அழுத?" என்றாள். மூன்று நாளாகக் கேட்காமல் வைத்திருந்து, எல்லாப் பேப்பரும் முடிந்தபிறகு கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு அஞ்சு மார்க் போச்சு ஆச்சி. ஒண்ணு ரெண்டு ஒரு மார்க்கும் போச்சு."

"ஓ." கொஞ்சம் யோசித்தாள். "மூணு மணி நேரமும் இருந்து எழுதுனல்லா?"

"எழுதுனேன்."

"பின்ன என்ன. போட்டு மக்கா, சாரமில்ல. கஞ்சிய குடி, ஆறிரும்."

அவ்வளவுதான். அவளுக்குப் பிளஸ் டூவுக்கு எத்தனை மார்க் என்றுகூடத் தெரியாது. இன்னும் ஆயிரத்து இருநூறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள், அறுநூறாக மாறி வருஷங்கள் ஆகிவிட்டன என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நான் ஒன்றரை மணி நேரமாகத் தேடிய வார்த்தை அதுதான். எங்கள் பக்கத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தாலும், குடத்தை உடைத்தாலும், கல்யாணம் தட்டிப்போனாலும் இதைத்தான் சொல்வார்கள், சாரமில்ல. 'ஒன்றும் ஆகவில்லை' என்று அதற்குப் பொருள் இல்லை. குடம் உடைந்தது உடைந்ததுதான். அதைப் பெரிசாக்க வேண்டாம், வா, என்கிற அர்த்தம். மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொன்னால் கொஞ்சம் கரைந்துபோகும், விட்டுவிடுகிறேன்.

இதில் நான் கண்டது என்னவென்றால், நம்மிடம் நாமே அன்பாகப் பேசுவதற்கு நமக்குப் பழக்கமில்லை, ஆனால் நம்மிடம் அன்பாகப் பேசுகிற ஒருவரின் குரல் எல்லாருக்கும் தெரியும். 'நான்' என்று ஆரம்பித்து எழுதினால் ஒன்று பெருமையாகப் போகும், இல்லையென்றால் புலம்பலாகப் போகும். அந்த ஆளின் வாயில் வைத்து, அவர் நம்மைக் கூப்பிடுகிற பெயரோடு எழுதினால் தானாகச் சரியான சூட்டில் வரும். சிலருக்கு அது அப்பா, சிலருக்குப் பக்கத்து வீட்டு மாமி, என் தோழி ஒருத்திக்கு டியூஷன் மாஸ்டர். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு 'மக்கா' என்ற ஒரு சொல் இருப்பது இதில் பெரிய வசதி. மூத்தவர் இளையவரைக் கூப்பிடவும் அது, நண்பன் நண்பனைக் கூப்பிடவும் அது.

கடைசியாக நான் வைத்தது இது:

"எழுதி முடிச்சாச்சு. ஆறு பேப்பர், இருபத்திரண்டு நாள், மூணு ரீஃபில். கணக்கு எப்படின்னு கேட்டா எனக்கே தெரியாது. ஆச்சி சொல்லிட்டா, சாரமில்ல மக்கான்னு. இனி ரெண்டு நாள் உறக்கம்."

முதலில் "எல்லாம் முடிஞ்சாச்சு" என்றுதான் டைப் செய்தேன். அப்புறம் வகுப்பில் நீட்டுக்குப் படிக்கிற நாலைந்து பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு மே 5 வரைக்கும் ஒன்றும் முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கோச்சிங் இருக்கிறது என்று ஒருத்தி பஸ்ஸில் சொல்லியிருந்தாள். 'எல்லாம்' என்பதை எடுத்துவிட்டு, நான் செய்ததை மட்டும் வைத்தேன். ஒரு சொல்தான், ஆனால் அந்தத் தோழி ராத்திரி, "உறங்கு பிள்ளே, எனக்கும் சேத்து" என்று அனுப்பியிருந்தாள்.

ரீஃபில் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வரிக்குத்தான் அதிகம் பேர் பதில் போட்டார்கள். 'ரொம்பக் கஷ்டப்பட்டேன்' என்று எழுதினால் யாரும் பதில் போடமாட்டார்கள், போட்டாலும் கைகூப்பும் ஸ்மைலி ஒன்று வரும். மூணு ரீஃபில் என்றதும், 'எனக்கு ரெண்டு', 'எனக்குப் பேனாவே தொலைஞ்சுது', 'நான் கெமிஸ்ட்ரிக்குக் கடன் வாங்கின பேனா இன்னும் கொடுக்கல' என்று வரிசையாக வந்தது. எண்ணிச் சொல்லக்கூடிய சின்ன விஷயம் ஒன்று போதும். இரண்டு வைத்தால் நல்லது. நாலு வைத்தால் பட்டியலாகிவிடும்.

நீளத்தைப் பற்றியும் அன்று ஒரு பாடம். இதையே இன்ஸ்டாகிராமிலும் போட்டேன். அங்கே 2200 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் பார்க்கிறவருக்கு முதல் ஓரிரு வரிதான் தெரியும், மீதி more-க்குப் பின்னால் போய்விடும். தமிழில் இது இன்னும் சீக்கிரம் வரும். 'தேர்வு' நமக்கு மூன்றெழுத்துதான், ஆனால் போன் அதை ஆறாக எண்ணும், த, ஏகாரக் குறி, ர, புள்ளி, வ, உகரக் குறி என்று. முதல் தடவை நான் பள்ளிக்கு நன்றி, டீச்சர்களுக்கு நன்றி என்று ஆரம்பித்து ஆச்சி வரியைக் கடைசியில் வைத்திருந்தேன். யாரும் அதுவரை போகவில்லை. அப்புறம் நன்றியை எல்லாம் கீழே தள்ளிவிட்டு, முடித்தேன் என்பதை முதலிலும் ஆச்சியை அதற்குப் பக்கத்திலும் கொண்டு வந்தேன்.

படம் தேரூர் குளத்துப் படிக்கட்டு. என் செருப்பு இரண்டும் ஒரு படியில், பக்கத்தில் பென்சில் பாக்ஸ், அந்தப் பக்கம் குளம். முகம் இல்லை, அழுது வீங்கிய கண்ணோடு என்னத்தை எடுப்பது. ஆனால் முகம் இல்லாதது நல்லதாகவே போனது. படம் ஓய்வைச் சொல்லிவிட்டது, அதனால் எழுத்தில் 'நிம்மதி' என்ற சொல் தேவைப்படவில்லை.

படத்தைப் பற்றி இன்னொன்று. என் வகுப்புப் பையன் ஒருவன் அன்றைக்கு ஹால் டிக்கெட்டைப் படம் எடுத்து "இனி உனக்கு வேலை இல்ல" என்று வைத்திருந்தான். நல்ல கேப்ஷன், நானே சிரித்தேன். ரிசல்ட் பார்க்க என்னென்ன வேண்டும் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. tnresults.nic.in-இல் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவெண் படத்தில் பளிச்சென்று இருந்தது, பிறந்த தேதிதான் சொந்தக்காரர்களுக்குத் தெரியுமே, வருஷா வருஷம் கேக் வெட்டிய படம் வைக்கிறோமே. மே 6 காலை ஒன்பதரைக்கு ரிசல்ட். ஒன்பது நாற்பதுக்குள் அவன் பெரியப்பா மகன் குடும்பக் குரூப்பில் அவன் மார்க்கைப் போட்டுவிட்டான். அவன் வீட்டில் நெட் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவனுக்கே தெரியாத மார்க்குக்கு அத்தை ஆறுதல் சொல்கிறாள். ரிசல்ட்டை முதலில் தானே பார்த்து, ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உரிமை போய்விட்டது. ஹால் டிக்கெட்டை வைக்கவே வேண்டாம். ஆசையாக இருந்தால் மடித்து, எண் தெரியாத பக்கத்தைக் காட்டுங்கள். செயலியில் தேய்த்து மறைப்பதை நான் நம்பமாட்டேன், மெலிசாகத் தேய்த்தால் வெளிச்சத்தைக் கூட்டி வாசித்துவிடுவார்கள்.

ஸ்டேட்டஸ் வைத்தபிறகு வருகிற கேள்விகள் தனி. "எவ்வளவு வரும்?" என்று ஒன்பது பேர் கேட்டார்கள், எண்ணி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு பேருக்கு நான் நீளமாக விளக்கினேன், கணக்கில் இவ்வளவு போனால், இயற்பியலில் இவ்வளவு வந்தால் என்று. விளக்கி முடித்தபோது மறுபடி பழைய பென்சில் கணக்குக்குள் விழுந்திருந்தேன். அதற்கப்புறம் ஒரே பதில், காப்பி செய்து ஒட்டினேன்: "ரிசல்ட் வந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்றேன் மாமா." மாமா இடத்தில் அத்தை, அண்ணன், சித்தப்பா மாறும். இதில் முக்கியமானது 'நானே' என்பது. கேட்டவருக்கு மரியாதைக் குறைவில்லை, அதே சமயம் அதுவரை கேட்காதீர்கள் என்பதும் உள்ளே இருக்கிறது. இதற்கும் அசராத இரண்டு மூன்று பேரை ஸ்டேட்டஸ் பார்க்க முடியாதபடி செட்டிங்ஸில் எடுத்துவிட்டேன். பாவம் இல்லை அது. ரிசல்ட்டுக்கு அப்புறம் மறுபடி சேர்த்துவிட்டேன், அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மே 6 அன்று எனக்குக் கணக்கில் 61. மொத்தம் 463. நினைத்ததைவிடக் குறைவு, பயந்ததைவிட அதிகம். பெரியம்மா வீட்டில் கொஞ்சம் முகம் சுருங்கியது, என் முகமும்தான். அன்று மதியம் மார்ச் மாதத்து ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு பேப்பர், மூணு ரீஃபில், சாரமில்ல மக்கா. எதையும் வாபஸ் வாங்க வேண்டியிருக்கவில்லை. 61-க்கும் அது பொருந்தியது. 'ரிசல்ட் பேசும்' என்று வைத்திருந்தால் அன்று நான் போனை எங்கே ஒளித்து வைத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் 61 பாஸ்தானே, பாஸானவள் சொல்வதற்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். அதனால் சித்தி மகன் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் 2025-இல் பிளஸ் டூ எழுதினான். மார்ச் 25 முடிந்தது. அன்று சாயங்காலம் திங்கள்சந்தையில் இருந்து போன், "எக்கா, எனக்கும் ஒண்ணு எழுதித் தா." நீயே எழுதி அனுப்பு, பார்க்கிறேன் என்றேன். பத்து நிமிடத்தில் ஒரு படத்தோடு அனுப்பினான். வீட்டுப் பரணில், சித்தப்பாவின் பழைய பெட்டிக்கும் தேங்காய்த் துருவிக்கும் நடுவில் இயற்பியல் புத்தகம் இரண்டு பாகமும் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறது. கீழே எழுத்து: "ஃபிசிக்ஸ் புக்கை பரண்ல ஏத்தியாச்சு. இனி செத்தாலும் இறக்க மாட்டேன்."

பொறாமையாக இருந்தது. என்னுடையதைவிட நல்ல கேப்ஷன். படமும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கிறது, எண்ணக்கூடிய பொருள் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. ஆனால் இரண்டாவது வரி. "செத்தாலும்" என்பதை முதலில் எடு, உங்க அம்மை போன வருஷம் எனக்குச் செய்ததை எங்க அம்மா இந்த வருஷம் உனக்குச் செய்வாள் என்றேன். எடுத்தான். "இனி இறக்க மாட்டேன்" என்பதையும் எடு என்றேன். அதற்குச் சண்டை. "அதுல என்னக்கா இருக்கு, அதுதான் பஞ்ச்சே."

"ரிசல்ட் அன்னைக்கு வாசிச்சுப் பாருலே."

"ரிசல்ட் அன்னைக்கு எவன் வாசிப்பான்?"

"நீ வாசிப்ப."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. இயற்பியல் அவனுக்கு எப்படிப் போயிருந்தது என்று அவனுக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவிட்டு, "ஃபிசிக்ஸ் புக்கை பரண்ல ஏத்தியாச்சு. அம்மை மீன் வாங்கப் போயிருக்கா" என்று மாற்றி வைத்தான். இரண்டாவது வரி அவனாகச் சேர்த்தது. எனக்கு முதலில் வைத்ததைவிட இதுதான் பிடித்தது. மகனிடம் எப்படி எழுதினாய் என்று கேட்காமல் நேரே மீன் வாங்கக் கிளம்பிய சித்தி அந்த ஒரு வரியில் முழுசாக இருந்தாள்.

மே 8 ரிசல்ட். இயற்பியலில் எழுத்துத் தேர்வில் 70-க்கு 12. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்தால் மொத்தம் 41 வருகிறது. 35-ஐத் தாண்டிவிட்டதே, பின்னே ஏன் பெயில் என்று சித்தப்பா போனில் கத்திக்கொண்டிருந்தார். எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 15 எடுக்க வேண்டும், மொத்தம் 35 இருந்தால் போதாது. இதைப் பலர் ரிசல்ட் அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். மூன்று மார்க்.

நான் அன்றைக்குத் திங்கள்சந்தைக்குப் போனேன். அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். ஆறுதல் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை, ஆச்சி வரியை என் வாயில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிற மாதிரியும் தோன்றவில்லை. போனில் ஆச்சியைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தேன். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பேசி முடித்ததும் அவன் எழுந்து போய் ஸ்டூலை எடுத்துப் பரணுக்குக் கீழே போட்டான். ஏறி, சணல் கயிற்றோடு புத்தகத்தை இறக்கினான். தும்மல் வந்தது. தேங்காய்த் துருவியும் கூடவே விழுந்தது.

"நல்ல வேளைக்கா," என்றான், தூசியைத் தட்டிக்கொண்டே. "இறக்க மாட்டேன்னு போட்டிருந்தா இப்ப ஊரே கேட்டிருக்கும்."

துணைத் தேர்வு ஜூன் கடைசியில். அந்த வருஷமே பாஸ் செய்து அந்த வருஷமே கல்லூரியில் சேர முடியும் என்பதால் அவன் ஒரு மாதத்துக்குமேல் எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டு, இரண்டு மார்க், மூன்று மார்க் கேள்விகளையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தான். அந்த ஒரு மாதம் ஸ்டேட்டஸ் ஒன்றும் வைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலம், நல்ல சாரல், எனக்கு ஒரு படம் வந்தது. அதே பரண், அதே பெட்டி, அதே சணல் கயிறு.

"புக்கு மறுபடியும் பரண்ல. அம்மை மறுபடியும் மீன் வாங்கப் போயிருக்கா."

கீழே தனியாக எனக்கு மட்டும் ஒரு வரி: "எக்கா, இப்பவாவது அந்த 'இனி இறக்க மாட்டேன்' போடட்டா?"

"ரிசல்ட் இன்னும் வரல்லலே," என்றேன்.